நீச்சல் தோள்வலி: ஸ்கேன் படத்திற்கு முன் பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்ப்போம்

கோடை விடுமுறை தொடங்கி ஐந்தாறு வாரங்கள் ஆனதும் எமது விளையாட்டு மருத்துவப் பிரிவிற்கு ஒரே வகையான முறையீட்டுடன் வளரிளம் பருவத்தினர் வரத் தொடங்குகின்றனர். ஃப்ரீஸ்டைல் நீந்தும்போது தோள்பட்டையின் முன்புறம் அல்லது மேற்புறம் வலிக்கிறது. கையை நீருக்குள் விட்டு முன்னே நீட்டி, பின்னோக்கி இழுக்கத் தொடங்கும் கணத்தில் அவ்வலி கூர்மையடைகிறது. பெரும்பாலான பெற்றோர் கையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படத்துடனேயே வருகின்றனர். கடந்த இரண்டு மாதங்களில் பிள்ளை வாரத்திற்கு எத்தனை கிலோமீட்டர் நீந்தினான் என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை.

இத்தகைய வலிக்கு முதற்சான்று ஸ்கேன் படம் அன்று, பயிற்சிக் குறிப்பேடே என்பது எங்கள் கருத்து. எத்தனை முறை கை சுழன்றது, எப்படிச் சுழன்றது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை காணாமல் தரப்படும் மாத்திரையும் ஊசியும் ஓய்வும் வலியைச் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடுகின்றன, அவ்வளவே. அப்படி நாங்கள் கருதுவதற்கான காரணங்களை இங்கே விளக்க விரும்புகிறோம்.

தோளுக்குள் நிகழ்வது

தோள் மூட்டு ஆழமற்ற ஒரு கிண்ணத்தில் அமர்ந்த பந்து போன்றது. அப்பந்தைக் கிண்ணத்தின் நடுவில் நிறுத்திவைப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் ஆகும். மேற்புறமுள்ள தசைநாண், தோளின் கூரை போன்ற எலும்பு முனைக்கும் பந்திற்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளி வழியாகச் செல்கிறது. கையைத் தலைக்கு மேல் உயர்த்தி உள்நோக்கித் திருப்பும்போது அந்த இடைவெளி மேலும் குறுகித் தசைநாண் நெருக்குண்கிறது. ஃப்ரீஸ்டைலில் ஒவ்வொரு கைவீச்சிலும் கை இந்த நிலையைக் கடந்தே செல்கிறது.

கென்னடி, ஹாக்கின்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1974-ஆம் ஆண்டிலேயே இதற்கு 'நீச்சல் வீரர் தோள்' என்று பெயரிட்டு எழுதினர். பின்னர் 2000-ஆம் ஆண்டில் யனாய், ஹே ஆகியோர் ஃப்ரீஸ்டைல் நீந்துவோரைப் படம்பிடித்து அளந்தபோது, ஒரு கைவீச்சின் நேரத்தில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு தோள் நெருக்குண்ட நிலையில் இருப்பதாகக் கண்டனர். இந்த அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. நீந்தும் முறையைப் பொறுத்து ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபட்டது. ஆகவே முறையை மாற்றினால் நெருக்கத்தைக் குறைக்க இயலும்.

இதனுடன் களைப்பும் சேர்கிறது. விலா எலும்புகளிலிருந்து புறப்பட்டுத் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் இணையும் ரம்பத்தசை, அந்த எலும்பை விலாக்கூட்டோடு அணைத்துப் பிடித்துச் சரியான கோணத்தில் திருப்பித் தருகிறது. கலிஃபோர்னியாவில் நடைபெற்று 1991-இல் வெளியான தசை மின்னலை ஆய்வுகள், ஃப்ரீஸ்டைல் வீச்சு முழுவதிலும் இத்தசை ஓய்வின்றி உழைப்பதைக் காட்டின. வலியுள்ள தோள்களில் இழுக்கும் கட்டத்தில் அதன் செயற்பாடு குறைந்திருந்தது. ஓய்வின்றி உழைக்கும் தசை பயிற்சியின் இறுதியில் தளர்வது இயல்பே. அது தளர்ந்ததும் தோள்பட்டை எலும்பு சரியாகத் திரும்பாமல் தசைநாணுக்கான இடைவெளி இன்னும் சுருங்குகிறது. முதல் கிலோமீட்டரில் தோன்றாத வலி மூன்றாவது கிலோமீட்டரில் தோன்றுவதற்கு இதுவே பொதுவான காரணம்.

ஒரு மாணவியின் கணக்கு

அடையாளம் தெரியாத வகையில் சில விவரங்களை மாற்றி ஒரு நேர்வை இங்கே தருகிறோம். பதினான்கு வயது மாணவி ஒருத்தி பள்ளி நாள்களில் வாரத்திற்கு 16 கிலோமீட்டர் நீந்தி வந்தாள். தேர்வுகள் முடிந்ததும் காலை, மாலை என இருவேளைப் பயிற்சி தொடங்கியது. மூன்றே வாரங்களில் வாரத் தொலைவு 30 கிலோமீட்டரை எட்டியது. அதே காலத்தில் கைகளில் அணியும் ஹேண்ட் பேடிலும் பயிற்சியில் சேர்க்கப்பட்டது. ஐந்தாவது வாரத்தில் வலத்தோளில் வலி தோன்றியது. முதலில் பயிற்சிக்குப் பின் மட்டும் வலித்தது. பிறகு பயிற்சியின்போதும் வலித்தது. எங்களிடம் வந்தபோது பள்ளிப்பையைத் தோளில் மாட்டுவதற்கே சிரமப்பட்டாள்.

அவள் நீந்தியது 50 மீட்டர் குளம். ஒரு நீளத்திற்கு 46 கைவீச்சுகள் எடுத்தாள். ஒரு கைக்கு 23. எளிமைக்காக எல்லாத் தொலைவையும் ஃப்ரீஸ்டைல் என்றே கொள்வோம். வாரம் 16 கிலோமீட்டர் என்பது 320 நீளங்கள். வலக்கைக்கு 7,360 வீச்சுகள். வாரம் 30 கிலோமீட்டர் என்பது 600 நீளங்கள்; அதே கைக்கு 13,800 வீச்சுகள். மூன்று வாரங்களுக்குள் ஒரு தோளின் வேலை ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கிறது. தசையிலும் பார்க்கத் தசைநாண் மெதுவாகவே புதிய சுமைக்குப் பழகும். ஆகவே இந்தக் கணக்கைக் கண்டபின் வலிக்கான காரணத்தை வேறெங்கும் தேட வேண்டிய தேவை எங்களுக்கு எழவில்லை.

அவளுடைய ஸ்கேன் அறிக்கையில் மேற்புறத் தசைநாண் தடித்திருப்பதாகவும் கிழிசல் இல்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. இதைப் படித்துப் பெற்றோர் மிகவும் அஞ்சியிருந்தனர். ஆஸ்திரேலியாவில் 13 முதல் 25 வயது வரையிலான 80 முன்னணி நீச்சல் வீரர்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வொன்றை அவர்களுக்கு எடுத்துச் சொன்னோம். ஸ்கேன் செய்யப்பட்ட 52 பேரில் 69 விழுக்காட்டினருக்கு இதே மாற்றம் இருந்தது. வாரத்திற்கு 15 மணி நேரத்திற்கு மேலோ 35 கிலோமீட்டருக்கு மேலோ நீந்தியவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. தசைநாண் மிகையாக உழைத்திருக்கிறது என்பதை ஸ்கேன் உறுதிப்படுத்துகிறது. ஏன் அப்படி உழைத்தது, இனி என்ன செய்வது என்பவற்றை அது சொல்வதில்லை. இந்த மாணவிக்கு ஸ்கேன் எடுக்காதிருந்தாலும் எங்கள் சிகிச்சை இதுவாகவே இருந்திருக்கும்.

மேற்சொன்ன 35 கிலோமீட்டரை யாரும் பாதுகாப்பு எல்லை என்று கொள்ள வேண்டாம். பல ஆண்டுகள் படிப்படியாக உயர்ந்தவருக்கு 35 தாங்கும். 16-இலிருந்து தாவியவளுக்கு 30 தாங்கவில்லை. எட்டிய தொலைவுடன் அதை எட்டிய வேகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஊசியும் முழு ஓய்வும்

அவளுடைய தாயார் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், ஓர் ஊசி போட்டால் அடுத்த மாதத் தேர்வுப் போட்டியில் நீந்திவிடுவாளா?" என்பதாகும். மாநில அணிக்கான தேர்வு அது. ஓராண்டாக அக்குடும்பமே அதற்காகக் காத்திருந்தது. கேள்வியின் பின்னிருந்த ஏக்கம் எங்களுக்குப் புரியாமலில்லை. எனினும் வளரும் வயதில், போட்டிக்காக, மிகைச்சுமையால் வந்த வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவதை நாங்கள் ஏற்பதில்லை. அது தசைநாணை வலுவிழக்கச் செய்யக்கூடும். மேலும் இந்நிலையில் சுமை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் அளவுகோல் வலி ஒன்றே. அதை மறைத்துவிட்டு அதே 13,800 வீச்சுகளைத் தொடர்வது, வண்டியின் எச்சரிக்கை விளக்கை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டுவதற்கு ஒப்பாகும். பயிற்சிக்கு முன் வலிநிவாரணி மாத்திரை விழுங்கும் வழக்கமும் இத்தகையதே.

தந்தையார் மறுமுனையில் நின்றார். "மூன்று மாதம் குளத்துப் பக்கமே போக வேண்டாம்" என்பது அவர் முடிவு. முழு ஓய்வில் வலி அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அக்காலத்தில் தோளைக் காக்கும் தசைகளும் தளர்கின்றன. நீந்தும் முறை அப்படியே இருக்கிறது; திரும்பிச் செல்லும்போது பயிற்சி அளவும் பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது. ஆகவே வலியும் மீள்கிறது. கிழிசலோ மூட்டு நழுவலோ இல்லாத தோளுக்கு முழு ஓய்வைவிட அளந்த வேலையே நல்லது என்பது எங்கள் கருத்து.

நீரில் மாற்ற வேண்டியவை

கைபேசியில் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த இரண்டு காணொளிகளைப் பயிற்சியாளருடன் அமர்ந்து பார்த்தோம். மூன்று குறைகள் தெளிவாகத் தெரிந்தன.

முதலாவது, வலக்கை கட்டைவிரல் முந்தியபடி, உள்ளங்கை வெளிப்புறம் நோக்கி நீரில் நுழைந்தது. கை அப்படி நுழையும்போதே தோள் உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. விரல் நுனிகள் ஒன்றாக நுழைந்து, உள்ளங்கை குளத்தின் அடித்தளத்தை நோக்கியிருக்குமாறு அதை மாற்றினோம்.

இரண்டாவது, நுழைந்த கை தலைக்கு முன்னே சென்று உடலின் நடுக்கோட்டைத் தாண்டியது. இது நெருக்கத்தைப் பெரிதும் கூட்டும். கை தோளுக்கு நேராக நுழைந்து நேராக நீள வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டிப் பழகியவருக்குச் சரியான இடம் மிக அகலமாகத் தோன்றும். ஆகவே 'கடிகார முகத்தில் வலக்கை ஒரு மணியிலும் இடக்கை பதினொரு மணியிலும் நுழையட்டும்' என்று பயிற்சியாளர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாவது குறையை அவள் அறிந்திருக்கவே இல்லை. எப்போதும் இடப்புறமே மூச்செடுத்தாள். மூச்செடுக்கும் கணத்தில் முன்னே நீண்டிருந்த வலக்கை, தலையைத் தாங்கும் முட்டுக்கோல் போல் நீரைக் கீழ்நோக்கி அழுத்தியது. மறுபக்கம் உடல் போதிய அளவு புரளவில்லை. அதனால் வலக்கையை நீருக்கு மேல் முன்னே கொண்டுவரும் வேலை முழுவதும் தோளின் மீதே விழுந்தது. உடல் நன்கு புரண்டால் அந்த வேலையில் பெரும்பகுதியை உடற்பகுதியே ஏற்றுக்கொள்ளும். மூன்று வீச்சுகளுக்கு ஒருமுறை, இருபுறமும் மாறிமாறி மூச்செடுக்கப் பழக்கினோம். முதல் இரு வாரம் அது அவளுக்குத் திணறலாகவே இருந்தது. ஆகவே எளிய வேகத்தில் நீந்தும் நேரங்களில் மட்டும் முதலில் அதைக் கடைப்பிடிக்கச் சொன்னோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. முன்னணி வீரர்களின் காணொளிகளைப் பார்த்து, கை முழுதும் நீண்டிருக்கும்போதே முழங்கையை மிக உயரத்தில் வைத்து இழுக்கத் தொடங்கும் முறையைப் பல பிள்ளைகள் நகல் செய்கின்றனர். நீரைப் பிடிக்க அது உதவலாம். வலியுள்ள தோளுக்கோ அது அதே நெருக்கு நிலைதான். குணமாகும் வரை இழுப்பைச் சற்று ஆழத்திலும் சற்று அகலத்திலும் தொடங்குவதே நன்று.

இந்த மாற்றங்களால் எட்டு வாரங்களில் அவளுடைய கைவீச்சு ஒரு நீளத்திற்கு 46-இலிருந்து 42 ஆகக் குறைந்தது. ஒரு கைக்கு 21. இப்படி, நீந்தும் முறை சீரானால் ஒவ்வொரு வீச்சின் நெருக்கத்துடன் வீச்சுகளின் எண்ணிக்கையும் குறைகிறது.

அளவைக் குறைத்து, பின் உயர்த்திய விதம்

முதல் இரண்டு வாரங்கள் வாரத்திற்கு 10 கிலோமீட்டர் மட்டும், ஐந்து நாள்களாகப் பிரித்து. மூன்றாவது, நான்காவது வாரங்களில் 13. ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் அவள் பழகியிருந்த 16. அதன்பின் வாரத்திற்கு ஒன்றரை கிலோமீட்டர் வீதம் கூட்டிப் பன்னிரண்டாவது வாரத்தில் 25. பத்து விழுக்காடு அல்லது அதற்குக் குறைவாகக் கூட்டுவது என்பது நடைமுறை வழிகாட்டியே. மீற முடியாத சட்டம் அன்று. ஆனால் இரட்டிப்பாக்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

முதல் ஆறு வாரங்களுக்கு ஹேண்ட் பேடிலும் பட்டர்ஃப்ளை நீச்சலும் நிறுத்தப்பட்டன. தொடைகளுக்கிடையே வைக்கும் புல் பாய் கால் உதையை நீக்கிக் கைகளின் சுமையைக் கூட்டுவதால் அதுவும் விலக்கப்பட்டது. பலரும் கவனிக்காதது கிக் போர்டு. தோளுக்கு ஓய்வு தருவதாக எண்ணி அதைப் பிடித்து உதைக்கச் சொல்வர். ஆனால் கைகளை முன்னே நீட்டிப் பலகையின் மீது ஊன்றுவது தோளை அதே நெருக்கு நிலையில் பல நிமிடங்கள் நிறுத்திவைக்கிறது. பலகை இல்லாமல் மல்லாந்து, கைகளை உடலோடு வைத்து உதைப்பதே சரியான மாற்று.

குறைந்த மாலை நீச்சலுக்கு ஈடாக, வாரம் மூன்று நாள் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் தரைப்பயிற்சி நடைபெற்றது. ரப்பர் பட்டையைப் பிடித்து முழங்கையை உடலோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்புதல், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளி முடிவில் தோள்பட்டை எலும்புகளை விலாவைச் சுற்றி முன்னோக்கிச் செலுத்துதல், குப்புறப் படுத்துக் கைகளைப் பின்னோக்கி உயர்த்துதல் ஆகிய மூன்று மட்டுமே. ஒவ்வொன்றும் 12 முதல் 15 முறை, மூன்று சுற்றுகள். நண்பர் பின்னாலிருந்து இரு கைகளையும் இழுத்துப் பிடிக்கும் நீட்டிப்பை நிறுத்தச் சொன்னோம். நீச்சல் பிள்ளைகளின் தோள் பெரும்பாலும் முன்னரே தளர்வானது. அதை மேலும் தளர்த்துவதால் பயனில்லை.

வலிக்கு ஓர் எளிய விதி வகுத்தோம். பூச்சியம் முதல் பத்து வரையிலான அளவில் இரண்டு வரை வலித்தால், மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட்டால், தொடரலாம். மூன்றைத் தாண்டினாலோ மறுநாளும் நீடித்தாலோ அன்றைய ஃப்ரீஸ்டைல் நிறுத்தப்பட்டு, அந்த வாரத்தின் அளவு முந்தைய படிக்குத் திரும்பும். ஏழாவது வாரத்தில் ஒருமுறை அவ்வாறு திரும்ப நேர்ந்தது. மூன்று நாள்களில் சரியாயிற்று.

மாநிலத் தேர்வுப் போட்டியை அவள் தவறவிட்டாள். அது சிறிய இழப்பன்று. சிறியது என்று நாங்கள் அவளிடம் சொல்லவும் இல்லை. பன்னிரண்டாவது வாரத்தில் வலியின்றி 25 கிலோமீட்டர் நீந்தினாள். அப்போது வலக்கைக்கு வாரத்தில் 10,500 வீச்சுகள். பேடில் அதன்பின்னரே, ஒரு நாளைக்கு 200 மீட்டருக்கு மட்டும், மீண்டும் சேர்க்கப்பட்டது.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும்

வளரும் வயதிலேயே நெடுந்தூர அடித்தளம் அமைய வேண்டும் என்பது பயிற்சியாளர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. நீரில் நேரம் செலவிடாமல் நீச்சல் வராது. எங்கள் மறுப்பு தொலைவைப் பற்றியதன்று. களைப்பால் கை நடுக்கோட்டைத் தாண்டத் தொடங்கிய பிறகு நீந்தும் கடைசி ஆயிரம் மீட்டர் எந்த அடித்தளத்தையும் அமைப்பதில்லை; தவறான வீச்சையே மனனம் செய்விக்கிறது. ஒரு நீளத்திற்கான கைவீச்சு பயிற்சித் தொடக்கத்தில் இருந்ததைவிட நான்கைந்து கூடினால் அன்றைய ஃப்ரீஸ்டைலை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை, எண்ணினால் போதும்.

அந்த மாணவி எங்களிடம் சொன்ன ஒரு வாக்கியம் பெற்றோர் அறிய வேண்டியது: "வலிக்குதுன்னு சொன்னா சார் லேனை மாத்திடுவாரோன்னு பயந்துதான் சொல்லல." வலியைத் தாங்குவதே நீச்சலின் இயல்பு என்று நம்பும் பிள்ளை ஐந்து வாரம் தாமதித்தே வாய் திறக்கும். பயிற்சிக்குப் பின் மட்டும் தோன்றும் வலியைச் சொன்னதற்காக எந்தப் பிள்ளையும் இடம் இழக்கக் கூடாது. அந்தக் கட்டத்தில் தெரியவந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரக் குறைப்பே போதுமானது.

சில அறிகுறிகளுக்கு மட்டும் குறிப்பேட்டை ஆராயக் காத்திருக்க வேண்டாம். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, கையில் மரத்துப்போதல், திடீரெனக் கையை உயர்த்த இயலாமை, தோள் நழுவியது போன்ற உணர்வு, வீக்கத்துடன் காய்ச்சல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரைக் காண வேண்டும். அங்கே ஸ்கேனுக்குத் தெளிவான இடம் உண்டு. ஆறு முதல் எட்டு வாரம் முறையாகச் சுமை குறைத்தும் வலி குறையாதவர்களுக்கும் அது தேவைப்படலாம்.

மற்றவர்கள் எங்களிடம் வரும்போது கடந்த எட்டு வாரங்களின் வாரத் தொலைவு, ஒரு நீளத்திற்கான கைவீச்சு எண்ணிக்கை, பயன்படுத்திய கருவிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். கைபேசியில் இரண்டு காணொளிகளும் இருக்கட்டும். இயலுமானால் பயிற்சியாளரையும் அழைத்து வாருங்கள். தோளுக்கான மருந்துச்சீட்டில் பாதியை எழுத வேண்டியவர் அவரே.